நெடுவேலுக்கு என்ன விலை: மூன்று வழிகளை மேசையில் வைத்துப் பார்த்தது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். என் மச்சான் அப்போதுதான் சும்மா இருப்பார், அதனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் எங்கள் கதையாட்டக் கேம்பெயினும் அப்போதுதான் ஓடும். கதைக்களம் சேதுபதி காலத்து ராமநாதபுரக் கரை: முத்துச் சிலாபம், தோணியில் கடத்தல், பனங்காட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஆட்கள். விதிகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பை ஒட்டியவை, ஆயுதப் பட்டியலை மட்டும் நானே எழுதினேன். வாளின் சேதத்துக்கு d8, அதாவது எட்டு முகப் பகடை, ஒரு கை. நெடுவேல் d8, இரண்டு கை, ரீச், அதாவது எட்டும் தூரம், 2 கட்டம். வளரி d6, எறியலாம். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் நான்கு பேரில் மூன்று பேர் வாளை விற்றுவிட்டு நெடுவேல் வாங்கியிருந்தார்கள். ஒரு ஆயுதப் பட்டியல் கெட்டுப்போனதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. யாரும் வந்து "இது நியாயமில்லை" என்று புகார் சொல்ல மாட்டார்கள், எல்லார் தாளிலும் ஒரே ஆயுதம் எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடி மணல் திட்டில் ஒரு சண்டை. சார்ட் பேப்பரில் ஓர் அங்குலக் கட்டம் போட்டிருந்தேன், நீளவாக்கில் 28 கட்டம் வந்தது, ஒரு கட்டம் 5 அடி. எல்லாருக்கும் ஒரு முறைக்கு 6 கட்டம் நகரலாம். மச்சானிடம் நெடுவேல், எதிரே நான் இறக்கிய வாள்காரன். மச்சான் 2 கட்டத் தூரத்தில் நின்று குத்தினார், குத்திவிட்டு 6 கட்டம் பின்னால் போனார். இப்போது இடைவெளி 8. வாள்காரன் 6 நடந்தான், இடைவெளி 2. வாளோ 1 கட்டம்தான் எட்டும். அவன் முறை அதோடு முடிந்தது. மச்சான் மறுபடி குத்தினார், மறுபடி 6 பின்னால். வாள்காரன் முழு ஓட்டம் ஓடினால் பக்கத்தில் வந்துவிடுவான், ஆனால் ஓடியதிலேயே அவன் முறை போய்விடும், அடிக்க முடியாது. பக்கத்தில் வந்து நிற்பவனை மச்சான் அங்கேயே நின்று இன்னொரு முறை குத்துவார். நான்கு சுற்றில் ஆள் காலி, மச்சான் மேல் ஒரு கீறல் இல்லை. "மணல் நீளமா இருக்கு மாப்ள, நான் என்ன செய்ய" என்றார்.

புத்தக விதிப்படி இதில் ஒரு தப்பும் இல்லை. எதிரியின் எட்டும் தூரத்தை விட்டு விலகினால்தான் அவனுக்கு இலவச அடி கிடைக்கும், மச்சான் அந்த எல்லைக்குள் போகவே இல்லையே. அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். சரிசெய்ய மூன்று வழி இருந்தது, மூன்றையும் ஒரே அளவுகோலில் போட்டுப் பார்த்தேன்.

அளவுகோல் இதுதான். இரண்டு பக்கமும் உயிர்ப்புள்ளி 24. அடிக்கும் ஊக்கம் +5, எதிரியின் தற்காப்பு எண் 14, ஆக இருபது முகப் பகடையில் 9 அல்லது மேலே விழ வேண்டும், அதாவது 60 சதவீதம். கேடயம் வைத்திருந்தால் தற்காப்பு 16, வாய்ப்பு 50 சதவீதம். சேதத்தில் எல்லாருக்கும் +3. இருபது விழுந்தால் கிடைக்கும் இரட்டைப் பகடையைக் கணக்கில் சேர்க்கவில்லை, இரண்டு பக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான் ஏறும்.

```
d8 சராசரி 4.5    d6 சராசரி 3.5    d4 சராசரி 2.5
வாள், கேடயமில்லாதவன் மேல்:    0.60 × (4.5 + 3) = 4.5
வேல் d8, கேடயக்காரன் மேல்:    0.50 × (4.5 + 3) = 3.75
வேல் d6, கேடயக்காரன் மேல்:    0.50 × (3.5 + 3) = 3.25
```

முதல் வழி, எல்லாரும் முதலில் நினைப்பது: ரீச் இருந்தால் பகடையை ஒரு படி குறை. d8 வேலை d6 ஆக்கு. ஐந்தாம் பதிப்பிலேயே இந்தப் பழக்கம் உண்டு, சாட்டைக்கு ரீச் இருக்கிறது, பகடை வெறும் d4. எழுதுவதும் சுலபம், ஆட்டத்தின் நடுவே யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒரு படி என்பது எவ்வளவு? சராசரியில் 1 புள்ளி. +3 கூடவே வருவதால் 7.5 என்பது 6.5 ஆகிறது, 13 சதவீதம்தான் குறைவு. மணல் திட்டில் மச்சான் ஒவ்வொரு சுற்றிலும் தப்பிக்கும் அடியின் மதிப்பு 4.5. ஒரு புள்ளிகூட இல்லாத அபராதத்தைக் கட்டிவிட்டு நாலரைப் புள்ளியை மிச்சம் பிடிப்பார், சந்தோஷமாகக் கட்டுவார். அதே நெடுவேலை வல்லம் என்ற படகுக்குள் கொண்டுபோங்கள். என் வரைபடத்தில் வல்லம் 6 கட்ட நீளம், 2 கட்ட அகலம். பின்வாங்க இடமே இல்லை, ரீச்சால் ஒரு பயனும் இல்லை, பகடை மட்டும் சின்னது. கேடயத்தோடு வாள் பிடித்தவன் சுற்றுக்கு 4.5 அடிக்கிறான், வேல்காரர் 3.25 தான். ஐந்து சுற்றில் 6.25 வித்தியாசம், அது 24இல் கால் பங்குக்கு மேல். மணலில் அபராதம் போதவில்லை, படகில் அளவுக்கு மிஞ்சிப்போகிறது. ரீச்சின் மதிப்பு ஆயுதத்தில் இல்லை, வேல்காரரின் முதுகுக்குப் பின்னால் எத்தனை கட்டம் காலியாக இருக்கிறது என்பதில் இருக்கிறது. அதைப் பகடையில் கழிக்கப் பார்த்தது என் தப்பு.

இரண்டாவது வழியை எங்கள் குழுவில் வாள் பிடிக்கும் வாத்தியார் அண்ணன் சொன்னார். அவருக்கு எல்லாமே உண்மையில் நடப்பது போல இருக்க வேண்டும். "ஏழெட்டு அடி வேலை வச்சுக்கிட்டு மூக்குக்கு நேரா நிக்கிறவனைக் குத்த முடியுமா தம்பி? பக்கத்துல வந்துட்டா வேல்காரன் ரெண்டு தடவை உருட்டி, குறைஞ்சதை எடுக்கட்டும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பகடை d8 ஆகவே இருக்கும், ஆள் பக்கத்துக் கட்டத்துக்கு வந்தால் மட்டும் கஷ்டம்.

கணக்குப் போட்டதும் உதைத்தது. இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுத்தால் 60 சதவீதம் 36 ஆகிறது, கேடயக்காரன் மேல் 50 சதவீதம் 25 ஆகிறது. அப்படியானால் பக்கத்தில் வந்த கேடயக்காரன் மேல் வேலின் சராசரி 1.9 தான், அவனோ திருப்பி 4.5 கொடுக்கிறான். வல்லத்துக்குள் வேல்காரர் செத்தார். மணலிலோ பழைய தந்திரம் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அங்கே யாரும் பக்கத்தில் வருவதே இல்லையே! ஒரு இடத்தில் தோற்கவே மாட்டார், இன்னொரு இடத்தில் ஜெயிக்கவே மாட்டார். இப்படி ஒரு ஆயுதம் இருந்தால் ஆட்டக்காரர் செய்வது ஒன்றுதான், இடுப்பில் ஒரு வாள், கையில் ஒரு வேல், இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது. முடிவெடுக்க வேண்டிய இடமே போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. அண்ணன் சொன்ன உண்மை முழு உண்மையும் இல்லை. சிலம்பம் சுற்றுபவர்களைப் பார்த்திருப்பீர்கள், எதிராளி உள்ளே நுழைந்தால் பிடியை மாற்றிக் கம்பைக் குறுக்கிக்கொள்வார்கள். வேலுக்கும் அது முடியும். அண்ணன் இதைக் கேட்டுவிட்டு "கம்புக்குக் கூர் கிடையாதே" என்றார், அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

மூன்றாவது வழி அசைவைத் தொடுவது. நான் எழுதிய விதி ஒரே வரி: ரீச் ஆயுதத்தால் தாக்கிய முறையில், தாக்குவதற்கு முன் நகரலாம், தாக்கிய பிறகு நகரக் கூடாது. அவ்வளவுதான். பகடை d8, இரண்டு கை, பக்கத்தில் வந்தாலும் அபராதம் இல்லை.

இப்போது அதே மணல் திட்டு. மச்சான் 2 கட்டத்தில் நின்று குத்துகிறார், அங்கேயே நிற்க வேண்டும். வாள்காரன் ஒரு கட்டம் உள்ளே வந்து வெட்டுகிறான். மச்சான் அடுத்த முறையில் முதலில் விலகி அப்புறம் குத்தலாம், ஆனால் பக்கத்தில் இருப்பவனை விட்டு விலகுவதால் இலவச அடி விழும். ஆக ரீச்சால் அவருக்குக் கிடைப்பது தொடக்கத்தில் ஒரே ஒரு இலவசக் குத்து. அதுதான் நெடுவேல் தர வேண்டியதும் என்று நினைக்கிறேன், உள்ளே வருகிறவன் முதல் குத்தை வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

அந்த ஒரு குத்துக்கு விலை கட்ட வேண்டாமா, பகடையையும் குறைக்க வேண்டாமா என்று கேட்டால், இங்கேதான் நான் ரொம்ப நேரம் தடுமாறினேன். முதலில் இரண்டையும் சேர்த்தே போட்டேன், d6 கூடவே இந்த அசைவு விதி. கேடயமே இல்லாத மேசையில் அது நன்றாக வேலை செய்கிறது: வேல் முதல் குத்தில் 3.9 முன்னால் போகிறது, அப்புறம் வாள் சுற்றுக்கு 0.6 வீதம் ஐந்து சுற்றில் 3 பிடிக்கிறது, ஏறத்தாழச் சமம். ஆனால் எங்கள் மேசையில் வாள் பிடித்த எல்லாரும் மறு கையில் கேடயம் பிடிக்கிறார்கள். வேல்காரருக்கு அந்தக் கை கிடையாது. அவர் ஏற்கெனவே ஒரு கையை விலையாகக் கொடுத்துவிட்டார், பகடையிலும் பிடித்தால் ஒரே சரக்குக்கு இரண்டு சுங்கம்.

d8 ஆக விட்டுக் கணக்குப் பார்த்தேன். வேல்காரர் முதல் குத்தில் 3.75 முன்னால். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் வாள் 4.5, வேல் 3.75, அதாவது 0.75 வீதம் வாள் நெருங்குகிறது. ஐந்தாவது சுற்றில் 0.75 × 5 = 3.75, சரிக்குச் சரி. 24 உயிர்ப்புள்ளியை வாள் 4.5 வீதம் தின்று முடிக்கவும் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகும். இப்படி விழும் என்று நான் திட்டம் போட்டு எழுதவில்லை. பேப்பரில் இரண்டு தடவை சரிபார்த்தேன், பிறகு தேநீர் போட்டுக் குடித்தேன்.

இதில் ஒரு ஓட்டை உண்டு, மறைக்க விரும்பவில்லை. தொடக்கத்தில் இடைவெளி 7 கட்டத்துக்குள் இருந்து வாள்காரனுக்கு முதல் முறை விழுந்தால், அவன் நேராக நடந்து வந்து வெட்டிவிடுவான், அந்த இலவசக் குத்து கிடையாது. வீட்டுத் திண்ணையிலோ பனங்காட்டிலோ தொடங்கும் சண்டைகள் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே வேல் கொஞ்சம் பின்தங்கும். ஆனால் அதை ஈடுகட்ட வேலுக்கு வேறொரு வேலை இருக்கிறது, வல்லத்துக்குள் நாங்கள் அதை நேரிலேயே கண்டோம்: அண்ணன் கேடயத்தோடு முன்னால், மச்சான் அவர் தோளுக்கு மேலே பின்னால் இருந்து குத்துகிறார். குறுகலான இடத்தில் எதிரிகளில் ஒருவன்தான் அடிக்க முடிகிறது, நம் பக்கம் இரண்டு பேர் அடிக்கிறோம். அளவுக்கு மீறிப் போகிறதே என்று பயந்து இதற்கும் ஒரு புது விதி எழுதப் போனேன், நல்லவேளை புத்தகத்தைத் திறந்தேன். நடுவில் இன்னொரு ஆள் நின்றால் அது அரை மறைப்பு, எதிரியின் தற்காப்புக்கு +2 என்று ஏற்கெனவே இருக்கிறது. கேடயமில்லாதவன் மேல் 60 சதவீதம் 50 ஆகும், கேடயக்காரன் மேல் 50 சதவீதம் 40 ஆகும். நாங்கள்தான் இத்தனை நாள் அதை விளையாட மறந்திருந்தோம். புது விதி எழுதும் முன் பழைய விதியைப் படிப்பது நல்லது என்று மச்சான் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சில மேசைகளில் இன்னொரு வீட்டுவிதி ஓடுகிறது, ரீச் எல்லைக்குள் நுழைகிறவனுக்கும் இலவச அடி. மூன்றாவது வழியோடு அதைச் சேர்க்காதீர்கள். அப்போது வேலுக்குத் தொடக்கத்தில் இரண்டு குத்து, 7.5 முன்னிலை, வாள் அதைப் பிடிக்கப் பத்து சுற்று வேண்டும், அதற்குள் இரண்டு பேரில் ஒருவர் செத்திருப்பார்.

ஆக நெடுவேலுக்கு என் முடிவு மூன்றாவது வழி, கேடயம் புழங்கும் மேசையில் d8, புழங்காத மேசையில் d6. இரண்டாவது வழியை எந்த மேசைக்கும் சொல்ல மாட்டேன். முதல் வழியை, கட்டம் போடாமல் வாயாலேயே சண்டையை நடத்துகிறவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அங்கே யாரும் ஆறு கட்டம் எண்ணிப் பின்வாங்கப் போவதில்லை.

வளரிக்கும் இதே தலைவலிதான், ஆனால் வேறு பக்கத்தில். இந்த ஆயுதத்தில் எல்லாருக்கும் ஊர்ப் பாசம் உண்டு, குறைத்து எழுதினால் சண்டைக்கு வருவார்கள். கல்லூரியில் படிக்கும் என் தங்கைதான் வளரி எடுத்தவள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில், சின்ன மருதுதான் தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தார் என்றும், தேர்ந்த கையில் அது 100 கெஜத்துக்குள் எந்தத் தூரத்துக்கும் குறி தப்பாமல் போகும் என்றும் எழுதியிருக்கிறார். தங்கை அதை எடுத்துவந்து மேசையில் போட்டாள். "நூறு கெஜம்ணே. அறுபது கட்டம். எழுது."

நான் எழுதவில்லை. காரணம் ஒன்று, என் சார்ட் பேப்பரே 28 கட்டம்தான். அதற்கு மேல் இருக்கும் வீச்சு தாளில் அழகாக இருக்கும், ஆட்டத்தில் ஒரு பைசா பெறாது. வீச்சின் மதிப்பு எத்தனை அடி என்பதில் இல்லை, எதிரி பக்கத்தில் வரும் முன் எத்தனை முறை எறியலாம் என்பதில் இருக்கிறது. அதனால் இப்படி வைத்தேன்: 8 கட்டம் வரை சாதாரணமாக, 24 வரை இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுத்து. d6. இடுப்பில் மூன்று வளரிதான். எறிந்தது திரும்பி வராது, போய்ப் பொறுக்க வேண்டும்.

20 கட்டத் தூரத்தில் கேடயத்தோடு ஒருவன் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எறிதல் தூரத்தில், 25 சதவீதம், சராசரி 1.6. அவன் ஓடி வந்து 8 கட்டத்தில் நிற்கிறான். இரண்டாவது, 3.25. அவன் 6 நடந்து 2 கட்டத்தில். மூன்றாவது, 3.25. மொத்தம் 8 புள்ளி, அவன் உயிரில் மூன்றில் ஒரு பங்கு, அவன் இன்னும் ஒரு அடிகூட அடிக்கவில்லை. கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. அதனால் ஒரே ஒரு தடை சேர்த்தேன், வளரியை விட்டு வாளை உருவ ஒரு முழு முறை போகும். அந்த இழந்த அடி 3.75. மீதி நிற்கும் முன்னிலை 4.4. நெடுவேலின் இலவசக் குத்துக்கு அது பக்கத்தில்தான் இருக்கிறது, எனக்குப் போதும்.

திரும்பி வரும் வளரி வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கொடுக்கலாம், ஆனால் மூன்று என்ற எண்ணிக்கைதான் அந்த ஆயுதத்தின் முழு விலையும், திரும்பி வந்தால் அது போச்சு, மச்சானின் மணல் திட்டு மறுபடி தொடங்கும், இந்தத் தடவை 8 கட்டத் தூரத்திலிருந்து. மர வளரி, இரும்பு வளரி இரண்டும் உண்மையில் இருந்தன என்பதால் அந்த வித்தியாசத்தை மட்டும் வைத்தேன்: இரும்புக்கு d8, ஆனால் கடலில் விழுந்தால் முழுகிப் போகும். மரம் d6, மிதக்கும்.

தங்கை இரும்பு எடுத்தாள். முதல் கடல் சண்டையிலேயே இரண்டு கடலுக்குள் போனது. அடுத்த வாரம் தாளில் "வலைக்கயிறு, 4 பாகம்" என்று எழுதிக்கொண்டு வந்து, வளரியில் கட்டி எறியப் போகிறேன் என்றாள். 4 பாகம் கிட்டத்தட்ட 24 அடி, அதனால் வீச்சு 4 கட்டம், அதற்கு மேல் கிடையாது, இழுத்து எடுக்க ஒரு முறை ஆகும் என்று சொன்னேன். மச்சான் உடனே, "கயிறு வல்லத்துல சிக்குனா?" என்று கேட்டார். ஒன்று விழுந்தால் சிக்கும் என்று எழுதிவைத்திருக்கிறோம், இன்னும் யாருக்கும் ஒன்று விழவில்லை.